எண்ணெய்க்குள் பூண்டு

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் கிழமை முழுக்கப் பூண்டுதான். உரிக்க வேண்டும், வேர்ப்பக்கத்தை நறுக்க வேண்டும், பழுப்புப் புள்ளி விழுந்த பல்லைத் தனியே எறிய வேண்டும். டொரொண்டோவில் இத்தாலியச் சாப்பாடு போடும் கடைகள் பலவற்றின் குசினிக்குள் எட்டிப் பார்த்தால் அடுப்படியில் நிற்பவர் யாழ்ப்பாணத்தவராக இருப்பார். நானும் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து பிரெப் மேசைக்கு ஏறியவன்தான். அந்த மேசையில் கற்ற வேலைகளில் ஆகச் சின்னது, பூண்டையும் பச்சை இலைகளையும் எண்ணெயில் போட்டு வைப்பது. இத்தனை காலத்துக்குப் பிறகும் நான் பயந்து செய்கிற வேலையும் அதுதான். இப்போது வீடுகளிலும் அதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஒலிவ் எண்ணெய்ப் போத்தலுக்குள் நாலு பல் பூண்டு, ஒரு ரோஸ்மேரிக் கொப்பு, வாய்க்கு ஒரு தக்கை, வைப்பது ஜன்னல் ஓரத்தில். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்குத் தொழில் காட்டித் தந்தவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் குசினியில் செஃப் மாறிக்கொண்டே இருப்பார், அண்ணை மாறமாட்டார். பூண்டுப் பல்லைக் கத்தியின் அகலப் பக்கத்தால் ஒருமுறை அமத்துவார். தோல் கழன்று நிற்கும், பல் நசியாது. நாங்கள் அமத்தினால் பாதி துவையல். பிறகு பல்லை நீளவாக்கில் பிளந்து, நடுவில் பச்சைக் குருத்து இருந்தால் கத்தி முனையால் கிளப்பி எடுப்பார், கசப்பு அதிலிருந்துதான் வரும் என்று. அரிந்த பூண்டை ஸ்டீல் கிண்ணத்தில் போட்டு எண்ணெய் ஊற்றியதும் கை தானாக மாஸ்கிங் டேப்புக்குப் போகும். திகதி, நேரம், தன் பெயரின் முதல் எழுத்து. அடுத்த கூப்பாடு வருவதற்கு முன் அது கிண்ணத்தில் ஒட்டியிருக்கும். இரவு கடை பூட்டும்போது மிச்சமிருந்தால் குப்பைக்குப் போகும். ஒரு கரண்டி மிச்சமென்றாலும் போகும்.

எனக்கு அது வீண்செலவாகப் பட்டது. ஊரில் ஊறுகாய்க்கு மேலே நல்லெண்ணெய் மிதக்க மிதக்க ஊற்றி வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன். எண்ணெய் ஊற்றினால் பழுதாகாது என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம். அண்ணை சொன்னார்: "தம்பி, எண்ணெய் உள்ளியைக் காப்பாத்தும் எண்டு நினைக்காதை. அது காத்தை மறிக்கும், அவ்வளவுதான். காத்தை மறிச்சால் சிலது சாகும், சிலது அப்பதான் எழும்பும்."

அப்படி எழும்புவதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். மண்ணில் வாழும் பாக்டீரியா. மண்ணிலும் மண்ணோடு ஒட்டி வளரும் எதிலும் இருக்கலாம். பூண்டு மண்ணுக்குள்ளேயே விளைவது. காற்றுப் படும் இடத்தில் அது வளராது. வித்துப்போல ஒரு கூட்டுக்குள் தன்னைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். அந்த வித்தணுக்களைப் பச்சைப் பூண்டோடும் கீரையோடும் நாம் அறியாமல் தின்றுகொண்டுதான் இருக்கிறோம், வளர்ந்த மனிதருக்கு அதனால் பொதுவாக ஒன்றும் வருவதில்லை. கழுவினால் குறையும், முழுதாகப் போகாது. அந்த வித்தணு முளைப்பதற்குக் காற்று இல்லாமல் இருக்க வேண்டும், புளிப்பு இல்லாமல் இருக்க வேண்டும், கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் வெதுவெதுப்பும் வேண்டும். இனி அந்த ஜன்னலோரப் போத்தலைப் பாருங்கள். காற்றை எண்ணெய் அடைத்துவிட்டது. பூண்டில் புளிப்பு இல்லை. வெதுவெதுப்பை ஜன்னல் தருகிறது. எண்ணெயில் தண்ணீர் இல்லையே என்று கேட்பார்கள். எண்ணெயில் இல்லை, பூண்டுப் பல்லுக்குள் இருக்கிறது. பச்சைப் பூண்டின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். கிருமி வளர்வது அந்தப் பல்லின் ஓரத்தில்தான். வளரும்போது அது விடும் நஞ்சுதான் பொட்டுலிசம் என்ற நோயைத் தருவது. பூண்டுக்குச் சொன்னது துளசி இனத்துப் பேசிலுக்கும் ரோஸ்மேரிக்கும் அப்படியே பொருந்தும்.

கனடாவில் குசினி வேலை பார்க்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. 1985ஆம் ஆண்டு கோடைகாலத்தில் வன்கூவர் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சாண்ட்விச் சாப்பிட்டவர்களில் 36 பேருக்கு நோய் கண்டது. காரணம், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு. கடைச்சரக்காக வந்த போத்தல் அது. குளிரில் வைக்கவேண்டிய போத்தலை வெளியே வைத்துப் புழங்கியிருந்தார்கள். இந்தக் கதையில் என்னை உலுக்குவது 36 என்ற எண்ணிக்கை அல்ல, அது பொட்டுலிசம் என்று கண்டுபிடிக்க எடுத்த காலம். நோயாளிகள் வெவ்வேறு நாளில் வெவ்வேறு வைத்தியரிடம் போயிருக்கிறார்கள். ஒருவருக்குத் தசைத் தளர்ச்சி நோய் என்றார்கள், இன்னொருவருக்குப் பக்கவாதம், சிலருக்கு மனநோய் என்றுகூடச் சொன்னார்கள். வன்கூவருக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீடு திரும்பிய ஒரு தாயும் இரண்டு மகள்மாரும் ஒரே மாதிரிப் படுத்தபோதுதான் வைத்தியர்களுக்குப் பொறி தட்டியது. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் அந்தத் தசை நோய் எப்படி வரும்? அந்த நூலைப் பிடித்துப் போய்த்தான் பூண்டுப் போத்தலை அடைந்தார்கள்.

நோய் கண்ணில் தொடங்கும். ஒன்று இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், நா குழறும், வாய் வறண்டு விழுங்கக் கஷ்டமாக இருக்கும். அங்கிருந்து தளர்ச்சி கீழே இறங்கிக் கைக்கும் நெஞ்சுக்கும் வரும். மூச்செடுக்கும் தசை நிற்பதுதான் ஆபத்து. பெரும்பாலும் சாப்பிட்ட 12 முதல் 36 மணித்தியாலத்துக்குள் தெரியும், சில வேளை நாள்கணக்கில் தள்ளியும் வரும். காய்ச்சல் பொதுவாக இராது, புத்தி தெளிவாக இருக்கும், அதனால்தான் வைத்தியரும் வேறு பக்கம் யோசிக்கிறார். முறிமருந்து இருக்கிறது. அது இரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடிக்கும், நரம்பில் ஏற்கெனவே ஏறியதை இறக்காது. ஆகவே நேரம் போக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், போன இடத்தில் "எண்ணெயில் போட்ட பூண்டு சாப்பிட்டேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். வன்கூவரில் அந்த வாக்கியம் யாரும் சொல்லாததாலும் யாரும் கேளாததாலும்தான் அவ்வளவு நாள் போனது.

1989இல் நியூயோர்க் மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற ஊரில் பூண்டு ரொட்டி சாப்பிட்ட மூன்று பேருக்கு இதே நோய் வந்தது. அதிலும் எண்ணெயில் நறுக்கிய பூண்டு, அதிலும் புளிப்பு சேர்க்காத சரக்கு. அதன் பிறகுதான் எண்ணெயில் பூண்டு விற்பவர்கள் சிட்ரிக் ஆசிட், பொஸ்போரிக் ஆசிட் போல ஏதாவது புளிப்பு சேர்த்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கட்டாயமாக்கியது. கடைப்போத்தலின் பின்பக்கச் சீட்டைப் படித்தால் அந்தப் பெயரைக் காணலாம். வீட்டில் செய்கிறவர் அந்தப் போத்தலைப் பார்த்து, "கடையில் இருப்பது மாதக்கணக்கில் நிற்கிறதே, என்னுடையது ஏன் நிற்காது" என்று கேட்டால், விடை அந்தச் சீட்டில் இருக்கிறது.

காய்ச்சினால் சரிவருமா என்பது எல்லோருக்கும் வருகிற கேள்வி. எங்கள் குசினியில் பூண்டு கொன்ஃபி என்று ஒன்று செய்வோம். உரித்த பல்லைச் சட்டியில் போட்டு மூழ்க எண்ணெய் ஊற்றி, மிகச் சின்ன நெருப்பில் முக்கால் மணி நேரம், சில வேளை ஒரு மணி நேரம் விட வேண்டும். சின்னச் சின்னக் குமிழி சோம்பலாக எழும்பிக்கொண்டிருக்க வேண்டும், பொரிகிற சத்தம் கேட்கக் கூடாது. கத்தி முனை வெண்ணெயில் போவதுபோலப் போனால் பதம். இவ்வளவு நேரம் சூட்டில் கிடந்த பிறகு என்ன கிருமி மிஞ்சும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வித்தணு மிஞ்சும். கொதிநீரின் சூடு அதற்குப் போதாது. 121 டிகிரி ஈரச்சூட்டை அழுத்தத்தோடு கொடுத்தால்தான் சாகும். எண்ணெயை 121க்கு மேலே சூடாக்கலாமே என்றால், எண்ணெய் சூடாகும், பல்லின் உள்ளே சூடு ஏறாது. அந்தக் குமிழி என்னவென்று நினைக்கிறீர்கள்? பல்லிலிருந்து ஆவியாகும் தண்ணீர். குமிழி வரும்வரை உள்ளே நூறு டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். கொன்ஃபி செய்யும்போது நாம் செய்வது, மற்றக் கிருமிகளையெல்லாம் கொன்று, பொட்டுலினத்துக்குப் போட்டியில்லாத இடம் ஒன்றைப் பிடித்துக் கொடுப்பதுதான். அதனால் கொன்ஃபி பச்சைப் பூண்டைவிடப் பாதுகாப்பு என்று யாரும் எண்ண வேண்டாம். வீட்டுப் பிரஷர் கனரில் பூண்டு எண்ணெயை அடைத்து அலுமாரியில் வைப்பதற்கும் சோதித்துப் பார்த்த முறை எதுவும் கிடையாது. எண்ணெய்க்குள் இருக்கும் வித்தணு சூட்டை இன்னும் கூடுதலாகத் தாங்கும்.

அண்ணை கொன்ஃபிச் சட்டியை இறக்கியதும் செய்கிற வேலையைப் பார்த்துத்தான் நான் பிரெப்பை மதிக்கக் கற்றேன். சட்டியை அப்படியே வாக்கின் குளிரறைக்குள் தூக்கிக்கொண்டு போகமாட்டார். ஒரு புதுப்பையன் அப்படிச் செய்தான். மறுநாள் காலை அண்ணை வெப்பமானியைச் சட்டியின் நடுவே செருகிப் பார்த்தார், ஓரம் குளிர்ந்திருந்தது, நடு இன்னும் இளஞ்சூடு. ஆழச்சட்டியில் எண்ணெய் அப்படித்தான், சூட்டை விடாது. முழுச்சட்டியும் குப்பைக்குப் போனது, ஏசவில்லை, ஆனால் அடுத்த சட்டியை அந்தப் பையனிடமே கொடுத்தார். தட்டையான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்ற வேண்டும், அதற்குக் கீழே ஐஸ் நிரப்பிய தட்டு, மேலே கரண்டியால் கிளறல். 60 டிகிரியிலிருந்து 20க்கு இரண்டு மணித்தியாலத்துக்குள், 20லிருந்து 4க்கு அடுத்த நான்கு மணித்தியாலத்துக்குள். எங்கள் தொழிலில் இது எல்லாச் சமைத்த சாப்பாட்டுக்கும் உள்ள கணக்கு. வீட்டில் ஒரு கோப்பை அளவு செய்கிறவருக்கு இது பெரிய பாடல்ல, ஒரு பேக்கிங் தட்டும் ஐஸும் போதும்.

குளிர்ந்த பிறகு 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே, நான்கு நாள். பச்சைப் பூண்டு எண்ணெய், பேசில் எண்ணெய், கொன்ஃபி, எதுவானாலும் நான்கு நாள்தான் வீட்டுக்கு நான் சொல்வது. குளிர் இந்தக் கிருமியைக் கொல்லாது, மந்தப்படுத்தும். ஒரு வகை 3 டிகிரியில்கூட மெல்ல வளரக்கூடியது, நாளுக்கு வரம்பு வைப்பது அதனால்தான். வீட்டு ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கேதான் சூடு ஏறும். உள்ளே பின்பக்கமாக வையுங்கள், அங்கே ஒரு சின்ன வெப்பமானியும் கிடக்கட்டும். எண்ணெயை வடித்துவிட்டேன், பூண்டு உள்ளே இல்லை என்றாலும் இதே கணக்கு, ஏனென்றால் வடிகட்டியில் தப்பிய பொடியும் நீர்த்துளியும் அடியில் நிற்கும்.

குளிரில் ஒலிவ் எண்ணெய் உறைந்து வெள்ளை வெள்ளையாகத் திரளும். இந்த ஒரு சின்ன எரிச்சல்தான் பல போத்தல்களை வெளியே கொண்டுவருகிறது. ஊற்ற வரவில்லை என்று எடுத்து அடுப்புக்கு மேல் தட்டில் வைப்பார்கள், பிறகு அங்கேயே இருந்துவிடும். எங்கள் கடையிலேயே ஒரு லைன் குக் பிழிபோத்தலைப் பகல் முழுக்க அடுப்படிச் சூட்டில் வைத்து, இரவு குளிருக்குள் வைத்து, மறுநாள் அதையே எடுத்துப் புழங்கியதை அண்ணை பிடித்தார். அந்தப் போத்தலின் டேப்பில் திகதி சரியாக இருந்தது, நான்கு நாள் ஆகவில்லை. வெளியே நின்ற மணித்தியாலங்களை டேப் சொல்லாது அல்லவா. வேண்டியதைக் கரண்டியால் வழித்துச் சட்டியில் போடுங்கள், மற்றதை உடனே உள்ளே தள்ளுங்கள். நான்கு நாளுக்கு மேல் வேண்டுமென்றால் உறைபெட்டி. ஐஸ் கட்டித் தட்டில் பூண்டும் எண்ணெயும் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைப் பையில் போட்டுக் கட்டினால் மாதக்கணக்கில் நிற்கும். ஒரு கறிக்கு ஒரு கட்டி, பனிக்கட்டியாகவே தாச்சிக்குள் போடலாம்.

இஞ்சி பூண்டு விழுதை அரைத்து, கறுக்காமல் இருக்க மேலே எண்ணெய் ஊற்றி மாதம் முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதையும் இந்தக் கட்டித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

வெளியே வைக்கக்கூடிய பூண்டு எண்ணெயே கிடையாதா என்றால், ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தார் வீட்டுக்காரர்களுக்கென்று சோதித்துக் கொடுத்த முறை அது. எண்ணெயில் போடுவதற்கு முன்பே பூண்டுக்குள் புளிப்பை ஏற்றிவிடுவது. பிஎச் 4.6க்குக் கீழே போனால் இந்தக் கிருமி வளராது, அந்தப் புளிப்பு பல்லின் நடுவரை போயிருக்க வேண்டும், மேலே பூசினால் காணாது. எண்ணெயோடு கொஞ்சம் எலுமிச்சம்புளியோ வினாகிரியோ ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்களிடம் ஒரு கண்ணாடிப் போத்தலில் அதை ஊற்றிக் காட்டுவேன். எண்ணெய் மேலே, வினாகிரி கீழே, பூண்டு இரண்டுக்கும் நடுவில். புளிப்பு எண்ணெயில் கரையாது, எண்ணெய்க்குள் நிற்கும் பல்லை அது தொடவே தொடாது.

50 கிராம் பூண்டுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். சமையலறைத் தராசு கட்டாயம், கரண்டிக் கணக்கு இங்கே வேண்டாம். பலசரக்குக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூள் 15 கிராமை 485 கிராம் தண்ணீரில் கரைத்தால் நூற்றுக்கு மூன்று பங்கு கரைசல் வரும். பூண்டை உரித்துக் கால் அங்குலத்துக்கு மேற்படாத துண்டாக நறுக்க வேண்டும்; முழுப்பல்லாகப் போட்டால் புளிப்பு உள்ளே போய்ச் சேராது. பூண்டின் எடைக்கு மூன்று பங்கு கரைசல், ஆக 150 கிராம். துண்டுகள் மிதக்கப் பார்க்கும். ஒரு சின்னப் பையில் தண்ணீர் கட்டி மேலே வைத்து முழுக்க அமிழ்த்தி, குறைந்தது 24 மணித்தியாலம் வையுங்கள். கூடினால் பாதகமில்லை, குறையக் கூடாது. மறுநாள் பார்த்தால் சில துண்டுகள் நீலப்பச்சையாக மாறியிருக்கும். பயந்து கொட்டிவிடாதீர்கள், பூண்டும் புளிப்பும் சேர்ந்தால் வரும் நிறம் அது, கெடுதல் இல்லை. கரைசலை வடித்து, துண்டுகளை வடிதட்டில் நன்றாக நீர் வடிய விட்டு, 500 கிராம் எண்ணெயில் போடுங்கள். பூண்டுக்குப் பத்துப் பங்கு எண்ணெய். ஒரு நாளிலேயே மணம் பிடிக்கும், பத்து நாள்வரை விடலாம், இடையிடையே ருசி பார்த்து, போதுமென்றபோது துண்டுகளை வடித்து எடுங்கள். எண்ணெயைக் கறுத்த போத்தலில் வெளிச்சம் படாமல் வைத்தால் நல்லது; ஃப்ரிட்ஜில் வைப்பது இனி ருசிக்காகத்தான், பயத்துக்காக அல்ல.

இலைகளுக்குக் கரைசல் கூட வேண்டும், எடைக்குப் பத்துப் பங்கு. 20 கிராம் பேசிலுக்கு 200 கிராம் கரைசல், அதே 24 மணித்தியாலம், அதே அமிழ்த்தல். இலைதான் பூண்டைவிடப் பிடிவாதமாக மேலே வரும், ஒரு இலை நீட்டிக்கொண்டு நின்றாலும் அந்த இலைக்குப் புளிப்பு ஏறவில்லை என்று அர்த்தம். பேசில் நிறம் மங்கிப் பழுப்பாகும், அதற்கு மருந்தில்லை. ரோஸ்மேரி பச்சை மாறாமல் நிற்கும், அன்பளிப்புப் போத்தலுக்கு நான் எடுப்பது அதைத்தான்.

சிட்ரிக் ஆசிட்டுக்குப் பதில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தால் என்ன என்று ஒரு அக்கா கேட்டார். தேசிக்காய்க்குத் தேசிக்காய் புளிப்பு மாறும், அது வேண்டாம் என்றேன். கேட்ட கேள்வியில் பிழையில்லை, நம் ஊறுகாய் முழுக்க அந்தப் புளிப்பில்தான் நிற்கிறது. அம்மா உள்ளி ஊறுகாய் போடும்போது முதலில் உப்பு, பிறகு வினாகிரியும் புளியும், எண்ணெய் கடைசியில்தான். எண்ணெய் மட்டும் என் கண்ணில் பட்டதால், அதுதான் காவல் என்று நினைத்து வளர்ந்திருக்கிறேன். இப்போது உப்புக் கூடாது, புளி ஒத்துக்கொள்ளாது என்று இரண்டையும் குறைத்துவிட்டு எண்ணெயை மட்டும் அதே அளவுக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது ஊறுகாய் அல்ல, ஜன்னலோரப் போத்தல்தான். குளிரில் வைத்து நான்கு நாளில் முடித்துவிட வேண்டியது.

கெட்டதா இல்லையா என்று மணந்து பார்க்கலாமா? முடியாது. பால் புளித்தால் மூக்கு சொல்லும், மீன் கெட்டால் மூக்கு சொல்லும், இதில் எண்ணெய் தெளிவாக, பூண்டு மணமாக, ருசி வழக்கம்போலவே இருக்கலாம். குமிழி எழும்பினாலோ மூடி விம்மினாலோ நிச்சயமாகக் கெட்டது. எழும்பாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. நஞ்சை நன்றாகக் கொதிக்க வைத்தால் அழிக்கலாம் என்பது உண்மைதான், வித்தணு மாதிரி அது கெட்டியானதல்ல. ஆனால் சலாட்டில் ஊற்றுகிற எண்ணெயை, ரொட்டியில் தொட்டுத் தின்கிற எண்ணெயை யார் கொதிக்க வைக்கப் போகிறார்கள்? ஐயமான போத்தலை நக்கிப் பார்க்க வேண்டாம். திறக்காமல் இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், தொட்டியில் ஊற்றாதீர்கள். சிந்தியிருந்தால் கையுறை போட்டு பிளீச் கலந்த தண்ணீரால் துடையுங்கள்.

கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் போடலாமா என்று கேட்காமல் எந்தத் தமிழ் வீட்டாரும் விட்டதில்லை. ஐடஹோ முறையில் சோதித்தது பூண்டு, பேசில், ஓரிகானோ, ரோஸ்மேரி நான்குதான். கறிவேப்பிலையின் தடிப்பு வேறு, மிளகாய்க்கு உள்ளே காற்றறை இருக்கிறது, அவற்றுக்குள் எவ்வளவு நேரத்தில் புளிப்பு ஏறும் என்பதை ஒரு வீட்டு அடுப்படியில் நின்று ஊகிக்கக் கூடாது. அவற்றுக்குக் காயவைப்பதே வழி. தண்ணீர் போய்விட்டால் முளைக்க இடமில்லை. செத்தல் மிளகாய் கடையிலேயே காய்ந்து வருகிறது. கறிவேப்பிலையை நிழலிலோ ஆகக் குறைந்த சூட்டில் அவனிலோ காயவைத்து, நடு நரம்பை வளைத்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஈரம், 'டிக்' என்று ஒடிந்தால் பதம். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் பொடியாக வேண்டும். பூண்டுக்கும் கடையில் காய்ந்த சீவல் கிடைக்கிறது, அதைப் போடலாம். போத்தலும் மூடியும் கழுவிய ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், கரண்டியும் அப்படியே. இந்த எண்ணெய் அலுமாரியில் நிற்கலாம். காறல் மணம் வந்தால் எண்ணெய் பழசாகிவிட்டது என்பதுதான், மாற்றிவிடுங்கள்.